கருதுகோளைச் சோதிப்பது எப்படி? ஒருவர் தேடிய இரண்டு கோள்கள்

ஒரு கருத்தை முன்வைத்து, அது உண்மையானால் வேறென்ன நடக்க வேண்டும் என்று கணித்து, நடக்கிறதா என்று போய்ப் பார்ப்பதுதான் கருதுகோள்-கணிப்பு முறை. இதைப் பழகுவதற்கு பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியேயின் கதையைத்தான் நான் எடுத்துக்கொள்வேன். அவர் ஒரே மாதிரிக் கருதுகோளை இருமுறை முன்வைத்தார். ஒன்று பலித்தது, மற்றொன்று பொய்த்தது.

படி 1: உறுத்தலை எழுதுங்கள்

1781-இல் கண்டுபிடிக்கப்பட்ட யுரேனஸ், கணக்குப்படி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. வெறும் கண்ணுக்குப் புலப்படாத சின்ன விலகல்தான், ஆனால் அளவீட்டுப் பிழை என்று ஒதுக்க முடியாத அளவுக்கு அது வளர்ந்துவிட்டது. உங்கள் தாளிலும் முதல் வரி இப்படித்தான் இருக்க வேண்டும்: எதிர்பார்த்தது என்ன, கண்டது என்ன.

படி 2: கருதுகோளை வையுங்கள்

நியூட்டனின் ஈர்ப்பு விதி அவ்வளவு தொலைவில் பிசகுகிறதோ என்று சிலர் ஐயப்பட்டார்கள். லெ வெரியேயோ விதி சரி என்றே வைத்துக்கொண்டு, யுரேனஸுக்கு அப்பால் இருக்கும் ஒரு கோள் அதை இழுக்கிறது என்றார்.

படி 3: தோற்கக்கூடிய கணிப்பாக மாற்றுங்கள்

புதிதாகப் பழகுபவர்கள் பெரும்பாலும் வழுக்குவது இங்கேதான். "எங்கோ ஒரு கோள் இருக்கிறது" என்பதைச் சோதிக்க முடியாது. எவ்வளவு தேடியும் கிடைக்காவிட்டால், இன்னும் தேடவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். லெ வெரியே அப்படித் தப்பிக்க இடம் வைக்கவில்லை. யுரேனஸின் விலகலிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, இன்ன இடத்தில் தொலைநோக்கியைத் திருப்புங்கள், அங்கே விண்மீனைப் போலப் புள்ளியாக இல்லாமல் சிறு வட்டாகத் தெரியும் ஒன்று இருக்கும் என்று பெர்லின் வானாய்வகத்திலிருந்த காலேவுக்கு எழுதினார்.

கணிப்பை எழுதியதும், எதைக் கண்டால் என் கருதுகோள் தவறு என்று ஒப்புக்கொள்வேன் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். பார்த்து முடித்த பிறகு எழுதினால், நம்மை அறியாமலே விடைக்கு ஏற்றபடி வளைத்துவிடுவோம்.

படி 4: பாருங்கள்

1846 செப்டம்பர் 23 அன்று கடிதம் வந்தது, அன்றிரவே தேடல் தொடங்கியது. காலே ஒவ்வொரு ஒளிப்புள்ளியாகச் சொல்ல, மாணவர் தாரே விண்மீன் வரைபடத்தில் சரிபார்த்தார். வரைபடத்தில் இல்லாத புள்ளி ஒன்று சிக்கியது. சொன்ன இடத்திலிருந்து அதன் தொலைவு ஒரு பாகைக்கும் குறைவு, அதாவது இரண்டு முழுநிலவுகளின் அகலம்கூட இல்லை. மறுநாள் இரவு பார்த்தபோது அது சற்று நகர்ந்திருந்தது. விண்மீன் அப்படி நகராது. அதுதான் நெப்டியூன்.

படி 5: விடையை அளவோடு படியுங்கள்

கணிப்பு பலித்துவிட்டதால் கருதுகோள் முழுவதும் மெய் என்று ஆகிவிடாது. சூரியனிலிருந்து நெப்டியூன் இருக்கும் தொலைவு, பூமி இருக்கும் தொலைவைப் போல 36 மடங்கு என்று லெ வெரியே கணித்திருந்தார். உண்மையில் அது 30 மடங்குதான். கோள் இருக்கிறது என்ற பகுதிக்கு வலுவான ஆதரவு கிடைத்தது, பாதை பற்றிய பகுதி தவறிப்போனது. அதனால்தான் "நிரூபணமானது" என்பதை விட "ஆதரவு கிடைத்தது" என்று எழுதச் சொல்கிறேன்.

படி 6: பொய்த்தால் எதைக் கைவிடுவது?

புதன் கோளின் பாதையிலும் ஒரு முரண் இருந்தது. சூரியனுக்கு மிக அருகே வரும் அதன் புள்ளி, கணக்கை விட நூற்றாண்டுக்குச் சுமார் 43 விகலை கூடுதலாக நகர்கிறது. ஒரு பாகையை 3600 பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் விகலை. 1859-இல் லெ வெரியே அதே வழியில் போனார்: புதனுக்கும் சூரியனுக்கும் நடுவே ஏதோ ஒன்று இழுக்கிறது. அந்தக் கோளுக்கு வல்கன் என்று பெயரும் வந்தது. அது இருந்தால் அவ்வப்போது சூரிய வட்டத்தைக் கடக்க வேண்டும், முழு கிரகணத்தில் சூரியனுக்கு அருகே தெரிய வேண்டும். 1877 மார்ச்சில் கடக்கலாம் என்று கணித்த நாளில் எதுவும் கடக்கவில்லை. கிரகணங்களில் கண்டதாக வந்த செய்திகளும் நிலைக்கவில்லை.

ஆனாலும் ஒரே தோல்வியில் கருதுகோள் விழுந்துவிடுவதில்லை. ஏனென்றால் நாம் சோதிப்பது கருதுகோளை மட்டுமல்ல. பாதைக் கணக்கு, தொலைநோக்கியின் திறன், நியூட்டனின் விதி எல்லாம் அதனுடன் சேர்ந்தே சோதனைக்கு வருகின்றன. பாதை சற்றுச் சாய்ந்திருக்கலாம், ஒரே கோளாக இல்லாமல் பல சிறு துண்டுகளாக இருக்கலாம் என்றெல்லாம் வல்கனைக் காப்பாற்ற முடிந்தது. இப்படி ஒரு திருத்தம் செய்யும்போது அதிலிருந்து சோதிக்கத்தக்க புதிய கணிப்பு கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் படி 3-க்குத் திரும்பலாம். தோல்வியை விளக்க மட்டுமே உதவுகிற திருத்தத்தை நான் ஏற்கமாட்டேன்.

யுரேனஸின் போது லெ வெரியே கைவைக்காத ஈர்ப்பு விதிதான் புதனில் பிசகியிருந்தது. 1915 நவம்பரில் ஐன்ஸ்டீன் தம் புதிய ஈர்ப்புக் கோட்பாட்டிலிருந்து அந்த 43 விகலையை வருவித்தார், வல்கன் இல்லாமலே. அதே கோட்பாடு, சூரியனை ஒட்டி வரும் விண்மீன் ஒளி எவ்வளவு வளையும் என்றும் எண்ணோடு சொன்னது. 1919 மே 29 கிரகணத்தின்போது இரண்டு ஆய்வுக் குழுக்கள் அதை அளந்து பார்த்தன.