‘இன்னும் இருக்கிறதா?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு

என் தங்கை மகன் தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய ஃபீனிக்ஸில் புது வீடு எடுத்தான். துணி துவைக்க ஓர் இரட்டைத் தொட்டி இயந்திரம் வேண்டுமென்று இரண்டு வாரமாகக் கைபேசியில் பழைய பொருள் விற்பவர்களின் விளம்பரங்களைத் தேடிக்கொண்டிருந்தான். “மாமா, டர்பனில் ஒருவருக்கும் பதில் சொல்லும் பழக்கமே கிடையாதா?” என்று அலுத்துக்கொண்டு திரையைக் காட்டினான். பதினான்கு விற்பனையாளர்களுக்கு எழுதியிருந்தான். பதினான்கிலும் ஒரே வரி: “இது இன்னும் இருக்கிறதா?” பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறு. நான் சாட்ஸ்வொர்த்தில் பழைய தையல் இயந்திரங்களை வாங்கிப் பழுது பார்த்து விற்பவன். இந்த வரியால் நல்ல இயந்திரங்கள் பல என் கையைவிட்டுப் போயிருக்கின்றன.

எழுத்துப்பிழை, பெரிய எழுத்தில் கத்துவது போன்றவற்றைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை. அவை உங்களுக்கே தெரியும்.

ஆயத்த வரியை அப்படியே அனுப்புவது

ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் அந்த வரியை நீங்கள் தட்டச்சு செய்யக்கூடத் தேவையில்லை. பெட்டியில் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார்கள், விரல் பட்டால் போய்விடும். இடைஞ்சலே அங்கேதான். வாங்க நினைப்பவரும், பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் பொழுது போகாமல் விரல் வைத்தவரும் அனுப்புவது அதே வரிதான். விற்பவருக்கு இருவரையும் பிரித்தறிய வழியில்லை.

இதை நான் உணர்ந்தது விற்கும் பக்கம் உட்கார்ந்தபோதுதான். ஒரு முறை காலால் மிதிக்கும் தையல் இயந்திரம் ஒன்றை ஞாயிறு மாலை விளம்பரத்தில் போட்டேன். இரவு உணவுக்குள் முப்பதுக்கு மேற்பட்ட செய்திகள். ஏறக்குறைய எல்லாமே அந்த வரி. முதல் பத்துப் பேருக்குப் பொறுமையாக “இருக்கிறது” என்று எழுதினேன். ஏழு பேர் அதன்பிறகு வாயே திறக்கவில்லை. ஒருவர் மறுநாள் மதியம் “எங்கே?” என்றார், விளம்பரத்திலேயே இடம் போட்டிருந்தும். பதினோராவது ஆளுக்கு நான் பதில் சொல்லவில்லை. அவர் நல்லவராகவே இருந்திருக்கலாம், ஆனால் அதற்குள் எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. இன்றும் அந்த வரியைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

இயந்திரம் போனது வெருலத்திலிருந்து எழுதிய ஒரு பெண்மணிக்கு. அவர் வணக்கம் சொல்லிப் பெயர் சொன்னார், பெல்ட் தோலா ரப்பரா என்று கேட்டார், சனிக்கிழமை காலை தம்பியின் பக்கியில் வந்து எடுத்துக்கொள்ள முடியும் என்றார். நம் ஊரில் பின்புறம் திறந்த சிறு லாரியைப் பக்கி என்று சொல்லாதவர் யார்? அந்த ஒரு சொல்லிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. வண்டிக்குக்கூட ஏற்பாடு செய்துவிட்டவர் விளையாட்டுக்கு எழுதவில்லை.

ஆகவே தங்கை மகனின் கைபேசியை வாங்கி, அந்தப் பதினான்கு பேரில் பைன்டவுனில் இருந்த ஒருவர் 1,800 ராண்டுக்குப் போட்டிருந்த இயந்திரத்துக்குப் புதிதாக எழுத வைத்தேன். அனுப்பியது ஆங்கிலத்தில், பொருள் இதுதான்:

“மாலை வணக்கம். 1,800 ராண்டுக்கு நீங்கள் போட்டிருக்கும் இரட்டைத் தொட்டி இயந்திரம் எனக்கு வேண்டும். பிழியும் தொட்டி மூடியை மூடியதும் முழு வேகத்தில் சுற்றுகிறதா? சரியென்றால் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஃபீனிக்ஸிலிருந்து பக்கியில் வந்து, பார்த்துவிட்டு, ரொக்கமாகக் கொடுத்து எடுத்துக்கொள்கிறேன். வேறு நேரம் வசதியென்றாலும் சொல்லுங்கள்.”

இதில் ஒவ்வொன்றும் காரணத்தோடு இருக்கிறது. வணக்கம் முதலில் வர வேண்டும். தென்னாப்பிரிக்காவில் கடைக் கல்லாவில்கூட நலம் விசாரித்த பிறகுதான் பேச்சு தொடங்கும். நேராகக் கேள்வியில் இறங்குபவர் அதட்டுகிறார் என்று தோன்றும். அடுத்த வரியிலேயே பொருளும் விலையும் வருகின்றன, ஏனென்றால் நாலைந்து பொருள் விற்பவருக்கு எதைக் கேட்கிறீர்கள் என்று தேட வேண்டியிருக்கக் கூடாது. கைபேசியின் மேற்பகுதியில் எட்டிப் பார்க்கும் அறிவிப்பில் முதல் சில சொற்கள் மட்டுமே தெரியும் என்பதையும் மறக்காதீர்கள். கேள்வி ஒன்றே ஒன்று, அதுவும் விளம்பரத்தில் இல்லாதது. நான் பார்த்த இரட்டைத் தொட்டி இயந்திரங்களில் துவைக்கும் பக்கத்தைவிடப் பிழியும் பக்கம்தான் முதலில் மக்கர் செய்யும், அதனால் அதைக் கேட்கச் சொன்னேன். ஐந்து கேள்விகளை அடுக்கினால் “பிறகு நிதானமாக எழுதலாம்” என்று ஒத்திப்போடுவார்கள், அந்தப் பிறகு வராது.

எழுத்தில் கேட்பதில் இன்னொரு பயனும் உண்டு. இங்கே பல விளம்பரங்களில் voetstoots என்ற ஆஃப்ரிகான்ஸ் சொல் இருக்கும், உள்ளது உள்ளபடி வாங்கிக்கொள் என்று பொருள். அதைப் பார்த்ததும் “உத்தரவாதம் உண்டா?” என்று கேட்டால் விற்பவர் முகம் சுளிப்பார், அதைத்தானே அவர் இல்லையென்று எழுதியிருக்கிறார். ஆனால் தெரிந்தே ஒரு குறையை மறைத்து ஏமாற்றியவரை அந்தச் சொல் காப்பாற்றாது. குறிப்பிட்ட கேள்விக்கு அவர் எழுதிய பதில் உங்கள் திரையில் இருக்கும்.

“கடைசி விலை?”

பொருளைப் பார்ப்பதற்கு முன் கேட்காதீர்கள். நேரில் ஒரு விரிசலைக் கண்ட பிறகு கேட்டால் அது பேரம். முதல் செய்தியிலேயே கேட்டால், பொருளில் குறை தெரியாமலே அதை மட்டம் தட்டுவதாக இருக்கும். விலை பேசலாம் என்று விளம்பரத்திலேயே எழுதியிருந்தாலும் இதேதான்.

பணம் இப்போதே அனுப்புகிறேன் என்பது

தாராளமாகத் தோன்றும், ஆனால் விற்பவருக்கு எச்சரிக்கை மணி அடிக்கும். வங்கியில் பணம் கட்டியதாகப் போலி ரசீது அனுப்பி, ஆள் விட்டுப் பொருளைத் தூக்கிப்போவது இங்கே பழைய தந்திரம். வேறு வங்கிக்குச் செய்யும் சாதாரணப் பணமாற்றம் ஒன்றிரண்டு நாள் கழித்தும் சேரலாம் என்பது அதற்கு வசதியாகப் போனது. ரொக்கம் தூக்கிச் செல்லப் பயமாக இருந்தால், பணம் உடனடியாகச் சேரும் பேஷாப் என்ற வங்கி வசதி 2023 முதல் இருக்கிறது. “உங்கள் முன்னால் நின்று அனுப்புகிறேன், உங்கள் கணக்கில் தெரிந்த பிறகு பொருளை எடுக்கிறேன்” என்று எழுதுங்கள். அவர் சொல்லத் தயங்கியதை நீங்களே சொன்னதாக ஆகிவிடும்.

முகவரியையும் எண்ணையும் முதலில் கேட்பது

நாள், நேரம் முடிவானதும் அவர்களே தருவார்கள்.

வெறும் “வணக்கம்”

அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

உறவு கொண்டாடுவது

சாட்ஸ்வொர்த்தில் தெரியாதவரையும் ஆன்ட்டி, அங்கிள் என்போம், நேரில் அது இனிக்கும். படத்தைப் பார்த்து வயதை ஊகித்து எழுதும்போது இனிக்காது. தங்கை மகன் முன்பு ஒருமுறை ஒருவரை ஆன்ட்டி என்று எழுதியிருந்தான். அவருக்கு முப்பத்தைந்துகூட இருக்காது. பெயர் திரையிலேயே இருந்தது.

பைன்டவுன்காரர் அன்றிரவே பதில் எழுதினார். பிழியும் தொட்டி சுற்றுகிறது, ஆனால் நிற்கும்போது கடகடவென்று சத்தம் வருகிறது, துவைக்கும் பக்கத்து மூடியில் விரிசல் உண்டு, சனிக்கிழமை பதினொன்றுக்கு வாருங்கள் என்று. போனோம். அவர் வீட்டிலேயே ஈரத்துணி போட்டு ஓட்டிக் காட்டினார். மூடியைக் காட்டி நான் பேச்செடுத்ததும் 150 ராண்டு குறைத்தார். எஞ்சிய பதின்மூன்று பேரில் இருவர் இப்போது அவனுக்கு “இருக்கிறது” என்று பதில் எழுதியிருக்கிறார்கள். வேறிடத்தில் வாங்கிவிட்டேன், நன்றி என்று இருவருக்கும் வண்டியில் வரும்போதே எழுத வைத்தேன்.