இன்டர்ன்ஷிப் கேட்டு எழுதும் மின்னஞ்சல்: இரண்டாம் ஆண்டு மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்டர்ன்ஷிப் கேட்டு வரும் மின்னஞ்சல்களைப் படித்து, யாரை அழைப்பது என்று முடிவு செய்வது என் வேலையில் ஒரு பகுதி. எழுத்துப்பிழை, இணைக்க மறந்த பயோடேட்டா ஆகியவற்றைப் பற்றி எவரும் சொல்லித்தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தெரியாததையெல்லாம் அடுக்குவது

எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். காட்டுவதற்கு ஒன்றுமில்லையே என்ற கூச்சத்தில் பைத்தான், ஜாவா, மெஷின் லேர்னிங், ஐஓடி என்று ஒரே மூச்சில் அடுக்கிவிடுகிறார்கள். இரண்டாம் ஆண்டில் இத்தனையும் கைவந்திருக்காது என்பது படிப்பவருக்குத் தெரியாதா? கடைசியில், உண்மையாகவே தெரிந்த ஒன்றையும் யாரும் நம்புவதில்லை.

ஒரு மாணவி அனுப்பிய பட்டியலின் கடைசியில் 'சென்சார் புராஜெக்ட்' என்று இரண்டே சொற்கள் இருந்தன. தொலைபேசியில் அதைப் பற்றி மட்டும் விசாரித்தேன். எல்எம்35 வெப்ப சென்சாரை ஆர்டுயினோ ஊனோ போர்டில் இணைத்திருக்கிறார். திரையில் வெப்பநிலை அரை அரை டிகிரியாகத் தாவியிருக்கிறது. அந்த சென்சார் ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும். போர்டு 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரிப்பதால், ஒரு படியே ஏறக்குறைய 5 மில்லிவோல்ட். இதைத் தானே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஒரு வரியைச் சேர்த்திருக்கிறார்:

```
analogReference(INTERNAL);
```

உச்ச அளவு 1.1 வோல்ட்டாகக் குறைந்ததும் ஒரு படி சுமார் 0.1 டிகிரியாகிவிட்டது. இனி 110 டிகிரிக்கு மேல் அளக்க முடியாது என்பதையும் அவரே சொன்னார். "இதை ஏன் அம்மா எழுதவில்லை?" என்று கேட்டால், "அது வெறும் லேப் வேலைதானே சார்" என்கிறார்!

மின்னஞ்சலில் இருந்திருக்க வேண்டியது இவ்வளவுதான்: "போர்டின் ஒரு படியே ஏறக்குறைய 5 மில்லிவோல்ட் என்பதால், எல்எம்35 சென்சாரின் அளவு அரை டிகிரி தாவியது. ஒப்பீட்டு மின்னழுத்தத்தை 1.1 வோல்ட்டாக மாற்றி 0.1 டிகிரிக்குக் கொண்டுவந்தேன். 110 டிகிரிக்கு மேல் இது அளக்காது. சர்க்யூட் படமும் புரோகிராமும் இணைப்பில் உள்ளன." என்ன கோளாறு வந்தது, அது ஏன் வந்தது, எப்படிச் சரியானது, எங்கே இன்னும் குறை இருக்கிறது என்பதெல்லாம் இதில் வந்துவிட்டன. உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் இப்படி இரண்டு வரியாவது எழுத முடிகிறதா என்று பாருங்கள். முடியாததை அடித்துவிடுங்கள். ஒன்றே ஒன்று மிஞ்சினாலும் போதும்.

"எந்த வேலை கொடுத்தாலும் செய்கிறேன்"

பணிவாகத் தோன்றும். ஆனால் இதை எந்தக் குழுவுக்கு அனுப்புவது என்று தெரியாமல் மின்னஞ்சல் என்னிடமே தங்கிவிடும். சென்சார் சோதனையில் உதவ விரும்புகிறேன் என்று எழுதியிருந்தால், ஹார்டுவேர் குழுவுக்கு அன்றே அனுப்பியிருப்பேன்.

தேதி இல்லாதது

எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வர முடியும் என்று எழுதுங்கள். தேர்வு எப்போது என்பதையும் சேர்த்து.

எல்லா நிறுவனங்களின் முகவரியும் ஒரே பெறுநர் வரியில்

பதில் வராது.