எரியும் எண்ணெயில் ஒரு டம்ளர் தண்ணீர்: தீயணைப்பானைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் தவறுகள்

வாணலியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கிறது. யாரோ கூப்பிட்டார்கள் என்று அடுப்பை அணைக்காமல் போய்விடுகிறோம். முதலில் மெல்லிய புகை, பிறகு கண்ணைக் கரிக்கும் அடர்ந்த புகை. எண்ணெயின் சூடு ஏறக்குறைய 350 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது, அடுப்பின் சுடர் தொடாமலேயே அது தானாகப் பற்றிக்கொள்கிறது. திரும்பி வந்து பார்ப்பவரின் கை குழாயைத் தேடிப் போகும். பெருந்தவறு நடப்பது அங்கேதான்.

தண்ணீர் எண்ணெயைவிட கனமானது. ஊற்றியதும் அடியில் இறங்கிவிடும். 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் 350 டிகிரி எண்ணெய்க்குள் சிக்கினால், கண்ணிமைப்பதற்குள் ஆவியாகி சுமார் 1,700 மடங்கு விரியும். ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி தண்ணீர், 340 லிட்டர் நீராவியாகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அடியிலிருந்து வெடித்தெழும் அந்த ஆவி, மேலே இருக்கும் எண்ணெயைப் பொடிப்பொடித் துளிகளாக வீசி எறிகிறது. அதுவரை மேற்பரப்பில் மட்டும் எரிந்த எண்ணெயின் ஒவ்வொரு துளிக்கும் இப்போது சுற்றிலும் காற்று கிடைக்கிறது. தீ கூரை வரை எழும்பும். நீர் சொட்டும் துணியைப் போர்த்துவதும் இதே காரணத்தால் ஆபத்து.

அடுத்த தவறு, சிவப்புத் தீயணைப்பு உருளை எதுவானாலும் போதும் என்று நம்புவது. கார்பன் டை ஆக்சைடு உருளையை எண்ணெய்த் தீயின்மேல் திருப்பினால், வேகமாகப் பாயும் வாயு எரியும் எண்ணெயை வெளியே சிதறடிக்கலாம். சுடர் அணைந்தாலும் எண்ணெயின் சூடு அப்படியேதான் இருக்கிறது. வாயு கலைந்ததும் மறுபடி பற்றும். பரவலாக விற்கப்படும் ஏபிசி தூள் உருளைக்கும் இதே குறை உண்டு: சுடரை அடக்கும், எண்ணெயைக் குளிர்விக்காது. சுடர் அணைவது வேறு, சூடு தணிவது வேறு. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்த உருளை எதற்கு என்பது தானாகவே விளங்கும்.

எண்ணெய்க்கென்றே இருப்பது வெட் கெமிக்கல் வகை. பொட்டாசியம் உப்புகள் கரைந்த நீர்மம் அதில் இருக்கும். கொதிக்கும் எண்ணெயோடு அது சேரும்போது சோப்புப் படலம் உருவாகிறது. அந்த நுரை காற்றைத் தடுத்து மூடி நிற்க, கரைசலில் உள்ள நீர் எண்ணெயைக் குளிர்விக்கிறது. அதுவும் நீர்தானே என்று கேட்கலாம். நீண்ட குழலின் வழியே மென்மையான தூறலாக மேற்பரப்பில் விழுவதால் அது கொத்தாக அடியில் இறங்குவதில்லை. எந்த வகைத் தீக்கு ஏற்றது என்பதை உருளையின்மேல் உள்ள எழுத்து காட்டும். அதில் எஃப் இருக்கிறதா என்று பாருங்கள்; அமெரிக்க முறையில் அது கே. சுடர் மறைந்ததும் நிறுத்திவிடாமல் உருளை தீரும்வரை தெளிக்க வேண்டும்.

உருளை இல்லையென்றால், கை எட்டும் தூரத்தில் இருந்தால் அடுப்பை அணைத்துவிட்டு, உலோக மூடியைப் பக்கவாட்டிலிருந்து நகர்த்தி மூடுங்கள். அரை மணி நேரமாவது திறக்க வேண்டாம். எரியும் வாணலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவது, தயவுசெய்து, வேண்டவே வேண்டாம். அந்த ஓட்டத்தில் கைக்கும் காலுக்கும் தீக்காயம் வரலாம். தீ வாணலியைத் தாண்டிவிட்டால் வெளியேறிக் கதவைச் சாத்திவிட்டு தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

மின்கருவி எரியும்போது தண்ணீர் கூடாது என்பது பலருக்கும் தெரியும். அதில் கரைந்துள்ள உப்புகள் வழியே மின்சாரம் நம்மை வந்தடையும். தெரிந்தும் மறப்பது, முதலில் மின்னிணைப்பைத் துண்டிப்பதை. துண்டிக்காமல் அணைத்தால் பழுதான இடம் மீண்டும் சூடேறித் தீ திரும்பும். இங்கே கார்பன் டை ஆக்சைடு பொருத்தமானது, கருவிக்குள் எதையும் விட்டுவைக்காது. தூளும் அணைக்கும், ஆனால் சர்க்யூட் பலகையை அரித்துவிடும். வாயு வெளிவரும் கூம்பைப் பிடிக்காதீர்கள், உறைந்த குளிரில் தோல் ஒட்டிக்கொள்ளும். சிறிய அறையென்றால் அணைத்தவுடன் வெளியே வந்துவிடுங்கள். அந்த வாயு மூச்சுத் திணற வைக்கும். வாங்கும்போது சி என்ற எழுத்தில் ஏமாற வேண்டாம்: அமெரிக்க முறையில் அது மின்சாரத் தீ, ஐரோப்பிய முறையில் எரிவாயுத் தீ.

காகிதத்துக்கு வந்தால் கதை தலைகீழ். இங்கே தண்ணீர்தான் சிறந்தது, ஏனெனில் காகிதக் கட்டின் நடுவில் கனல் ஒளிந்திருக்கும். கார்பன் டை ஆக்சைடு அடித்தால் மேலே சுடர் போய்விடும்; உள்ளே கன்றுகொண்டிருப்பது சற்று நேரத்தில் மறுபடி எழும். சுடர் அணைந்த பிறகும் காகிதக் கட்டை ஒரு கம்பால் பிரித்துப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் நனையுங்கள். எங்காவது மெல்லிய புகை இழை தெரிந்தால் அங்கே இன்னும் கனல் இருக்கிறது.