கணக்கு இலக்கம் மாறிவிட்டதாம்: காசு அனுப்பும் முன் விடுகிற பிழைகள்

போன மாதம் எங்கள் கடைக்குக் கணக்கு எழுத வந்த தம்பி ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினான். கொழும்பில் எங்களுக்குக் குழாய் தருகிற நிறுவனம் வங்கிக் கணக்கை மாற்றிவிட்டதாக மின்னஞ்சல் அனுப்பியிருந்தது.

"அண்ணை, நான் கோல் எடுத்துக் கேட்டனான். சரியாம்."

"எந்த நம்பருக்கு எடுத்தனீர்?"

"இதில கீழ போட்டிருக்கிற நம்பருக்கு."

எனக்குத் திக்கென்றது. ஏனென்றால் அதே பிழையை அதே மேசையில் இருந்து நானும் விட்டிருக்கிறேன்.

திருட்டு மின்னஞ்சல் என்றால் அனுப்பியவரின் முகவரியில் ஓர் எழுத்து மாறியிருக்கும், rn சேர்ந்து m போலத் தெரியும், ஆங்கிலம் பிழையாக இருக்கும் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவற்றைப் பாருங்கள், நல்லது. ஆனால் என்னிடம் வந்த கடிதத்தில் அப்படி ஒன்றுமே இல்லை.

## மின்னஞ்சலில் இருக்கிற இலக்கத்துக்கே அழைத்துக் கேட்பது

ஸ்ரான்லி வீதியில் இருக்கிற எங்கள் கடைக்குக் கோயம்புத்தூரிலிருந்து வாட்டர் பம்ப் இறக்குவோம். அந்த முறை இன்வொய்ஸ் 16,000 டொலர். 30 வீதம், அதாவது 4,800 டொலர், முற்பணமாக வழமையான கணக்குக்குப் போய்விட்டது. சரக்குத் தூத்துக்குடியில் கப்பல் ஏறியதும் மிச்சம் 11,200 டொலரை வங்கி மூலம் ரீ.ரீ. போட வேண்டும். அது போய்ச் சேர்ந்த பிறகுதான் துறைமுகத்தில் சரக்கை எடுக்கக் காட்ட வேண்டிய அசல் பி.எல். பத்திரத்தை அனுப்புவார்கள்.

கப்பல் ஏறிய மறுநாள் மின்னஞ்சல் வந்தது. நாங்கள் வழமையாக எழுதிக்கொள்ளும் அதே தொடரில், அதே முகவரியிலிருந்து. இன்வொய்ஸ் இலக்கம் சரி, தொகையும் சதம் பிசகாமல் சரி. "எங்கள் கணக்கில் தணிக்கை நடக்கிறது, மிச்சத் தொகையை இந்தப் புதிய கணக்குக்கு அனுப்புங்கள்" என்றது. கூடவே நிறுவனத்தின் தலைப்புத்தாளில், முத்திரையும் கையொப்பமும் வைத்த கடிதம் ஒன்று.

நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பவில்லை. கடிதத்தின் தலைப்பில் இருந்த தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தேன். ஒருவர் எடுத்து, நல்ல ஆங்கிலத்தில், ஆமாம், மாற்றிவிட்டோம் என்றார். மின்னஞ்சலிலும் பதில் போட்டுக் கேட்டேன். பத்து நிமிடத்தில் உறுதிசெய்து பதில் வந்தது. இரண்டு வழியில் சரிபார்த்துவிட்டேன் என்ற திருப்தியோடு வங்கிக்குப் போனேன்.

உண்மையில் ஒரே ஆளிடம் இரண்டு தரம் கேட்டிருக்கிறேன். கோயம்புத்தூரில் கணக்குப் பார்க்கிறவரின் மின்னஞ்சல் பெட்டிக்குள் யாரோ பல கிழமைகளாக இருந்து எல்லாவற்றையும் வாசித்திருக்கிறார்கள். எங்களிடமிருந்து போகும் கடிதங்கள் அவர் கண்ணில் படாமல், யாரும் திறந்து பார்க்காத `RSS Feeds` என்ற கோப்புறைக்குத் தானாகப் போய்விழும்படி ஒரு விதியையும் போட்டு வைத்திருந்தார்கள். அதனால் என் கேள்விக்குப் பதில் எழுதியது திருடன். தலைப்புத்தாளில் மாற்றியிருந்த இலக்கத்தில் பேசியதும் அவன் ஆள்தான்.

இன்றைக்கும் என்னை எரிச்சலூட்டுவது ஒன்று. அந்த அலுவலகத்தில் எப்போது அழைத்தாலும் "சொல்லுங்க, நல்லாருக்கீங்களா" என்று கோவைத் தமிழில்தான் கதைப்பார்கள். அன்று ஒருவன் என்னிடம் ஆங்கிலத்தில் கதைக்கிறான், எனக்கு உறைக்கவே இல்லை.

இன்னொன்றும் கண்முன்னே இருந்தது. வங்கியை அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் குறியீட்டில் ஐந்தாம், ஆறாம் எழுத்துகள் நாட்டைக் குறிக்கும். பழைய கணக்கில் IN இருந்தது, புதியதில் HK. இந்திய ஏற்றுமதியாளர் வழமையாகத் தன் நாட்டு வங்கி வழியாகவே காசை எடுப்பார். அது ஏன் ஹொங்கொங் போக வேண்டும் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

பன்னிரண்டு நாள் கழித்து, மிச்சக் காசு எங்கே என்று கோயம்புத்தூரிலிருந்து முதலாளியே அழைத்தார். வங்கி மூலம் திருப்பிக் கேட்டோம். அங்கே கணக்கில் பணம் இல்லை என்று பதில் வந்தது. இதற்கிடையில் கொண்டெய்னர் கொழும்புத் துறைமுகத்தில் நின்று தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டிருந்தது. அசல் பி.எல். இல்லாமல் எடுக்க வழியில்லை. 11,200 டொலரை இரண்டாம் தரமும் கட்டித்தான் சரக்கை எடுத்தோம்.

சரி, எந்த இலக்கத்துக்கு அழைப்பது? மாற்றச் சொல்லும் கடிதம் வருவதற்கு முன்பே உங்கள் கையில் இருந்த இலக்கத்துக்கு. முதல் ஓடர் கொடுத்தபோது கோப்பில் எழுதி வைத்தது, முதலாளி நேரில் வாங்கிய விசிட்டிங் காட்டில் இருப்பது. மின்னஞ்சல் தொடரைப் பின்னுக்குத் தள்ளி, பழைய கடிதத்தின் அடியிலிருந்து இலக்கத்தை எடுக்காதீர்கள். தொடருக்குள் தெரிகிற பழைய கடிதங்களையும் திருடன் திருத்தி அனுப்பியிருக்கலாம்.

அழைத்ததும் புதிய இலக்கத்தை நீங்கள் வாசித்துக் காட்டி "இதுதானே?" என்று கேட்கக் கூடாது. வேலை அவசரத்தில் இருக்கிறவர் "ஓம் ஓம்" என்றுவிடுவார். "கணக்கு ஏதும் மாறியதா?" என்று மட்டும் கேளுங்கள். மாறியது என்றால், வங்கி, கிளை, கணக்கு இலக்கம் மூன்றையும் அவரையே சொல்லச் சொல்லி, உங்கள் காகிதத்தோடு பொருத்திப் பாருங்கள். யார் சொன்னார், எத்தனை மணிக்கு என்பதைக் கோப்பில் எழுதுங்கள். பெரிய தொகையென்றால் இன்னொருவரும் தனியாக அழைக்கட்டும்.

## பெயர் சரியாக இருக்கிறதே என்று நம்புவது

கணக்குப் பெயர் வழங்குநரின் பெயராகவே இருக்கலாம். 2013 முதல் 2015 வரை கூகுளையும் ஃபேஸ்புக்கையும் ஏமாற்றிய லிதுவேனியக்காரர், தாய்வானில் அவர்களுக்குப் பொருள் தந்த நிறுவனத்தின் அதே பெயரில் லாத்வியாவில் ஒரு நிறுவனத்தைப் பதிந்து, அந்தப் பெயரிலேயே கணக்குத் திறந்திருந்தார். போன காசு 10 கோடி டொலருக்கும் மேல். உள்ளூர்ப் பரிமாற்றத்திலும் நீங்கள் எழுதும் பெயரை வங்கி பொருத்திப் பார்த்துத்தான் காசு போடும் என்று இருந்துவிடாதீர்கள். காசு போவது இலக்கத்தைப் பார்த்து.

## சின்னத் தொகை அனுப்பிப் பார்ப்பது

நூறு ரூபாய் அனுப்பி, கிடைத்ததா என்று அதே மின்னஞ்சலில் கேட்டால், கிடைத்தது என்றுதான் வரும்.

## "இன்றைக்கே" என்றால்

இன்றைக்கு அனுப்பாதீர்கள்.

## கணினியில் முதலில் மாற்றிவிட்டு அப்புறம் கேட்பது

கடைகளில் நடக்கிறது இது. மின்னஞ்சல் வந்ததும் ஒருவர் கணக்கு மென்பொருளில் இலக்கத்தை மாற்றிவிடுவார், அழைத்துக் கேட்க மறந்துவிடுவார். மாத முடிவில் வேறொருவர் அந்தப் பட்டியலைப் பார்த்துக் காசு அனுப்புவார். அவருக்கு இலக்கம் மாறியதே தெரியாது. எங்கள் கடையில் இப்போது மாற்றுகிறவர் ஒருவர், காசை விடுவிக்கிறவர் இன்னொருவர். அழைத்த குறிப்புக் கோப்பில் இல்லாவிட்டால் முதலாளி கையொப்பம் வைக்கமாட்டார்.

## அனுப்பிவிட்டால்

பொலிஸுக்குப் போகும் முன்பே உங்கள் வங்கியை அழையுங்கள். முதல் ஒரு நாளுக்குள் சொன்னால் பணம் இன்னும் அங்கே நிற்க வாய்ப்பிருக்கிறது. நான் பன்னிரண்டு நாள் கழித்துச் சொன்னேன். அதன் பின் பொலிஸ், கணினிப் பாதுகாப்பைப் பார்க்கிற இலங்கை சேர்ட்டின் 101 என்ற தொலைபேசி இலக்கம்.

தம்பியின் கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பழைய கோப்பில் இருந்த இலக்கத்துக்கு அவனையே அழைக்க வைத்தேன். அந்த ஆள் விடுமுறையில், மறுநாள்தான் கிடைத்தார். கணக்கு உண்மையாகவே மாறியிருந்தது. இவ்வளவு விசாரிப்பதா என்று அவர் கொஞ்சம் முகம் சுளித்த மாதிரித்தான் கதைத்தாராம். காசு இரண்டு நாள் பிந்திப் போனது.