போட்டி முடிந்ததும் பெற்றோருக்கு நன்றிக் கடிதம்: நான் எழுதும் முறை

இந்த ஆடி மாதம் குறுவட்ட கபடிப் போட்டி எங்கள் பள்ளி மைதானத்தில் நடந்தது. 14, 17, 19 வயதுப் பிரிவுகள், இரண்டு நாள், மூன்று ஆடுகளம். எங்கள் 17 வயதுப் பெண்கள் அணி வென்று மாவட்டத்துக்குப் போகிறது. அடுத்த வாரமே 34 பேருக்குத் தனித்தனியாக நன்றிக் கடிதம் கொடுத்து முடித்தேன். பக்கத்துப் பள்ளி பி.இ.டி. ஆசிரியர்கள் இரண்டு பேர் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதால் இங்கே எழுதுகிறேன். போட்டி நடத்துவதைப் பற்றி இதில் எதுவும் இல்லை, கடிதம் மட்டும்தான்.

1. பட்டியல் போட்டி நடக்கும்போதே எழுதப்பட வேண்டும்

நான் சறுக்கியது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நான்கு வருடத்துக்கு முன்பு முதன்முறையாகப் போட்டி எடுத்து நடத்தியபோது, எல்லாம் முடிந்து மூன்றாம் நாள் வீட்டில் உட்கார்ந்து நினைவிலிருந்து பெயர் எழுதினேன். பந்தல் போட்டவர், சாப்பாடு ஏற்பாடு செய்தவர், கோப்பை வாங்கித் தந்தவர் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஒரே கடிதமாக எழுதி, கீழே பெயர்ப் பட்டியல் போட்டு, அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். மறுநாள் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பயிற்சி முடிந்து எல்லோரும் போனபிறகு நின்றாள். "சார், எங்கம்மா பேரு விட்டுப்போச்சா சார்?" என்றாள். அவள் அம்மா இரண்டு நாளும் வெளியூர்ப் பெண் பிள்ளைகளைக் கழிப்பறைக்குக் கூட்டிக்கொண்டு போய், வாசலில் நின்று, திரும்பக் கூட்டிவந்து அணியோடு விட்டவர். நாப்கின் தேவைப்பட்டவர்களுக்குத் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தவர். நான் மைதானத்தில் நின்றேன், அவர் வேலை செய்த இடம் என் கண்ணுக்குப் படவில்லை. எனக்குத் தெரியாத வேலை என் நினைவில் எப்படி இருக்கும்?

அதற்குப்பிறகு செய்வது இது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, ஆடாத மாணவி ஒருத்தியிடம் கொடுத்துவிடுவேன். மைதானம், சமையல் இடம், தண்ணீர்ப் பந்தல், கழிப்பறைப் பக்கம், வாசல், நடுவர் மேசை என்று ஆறு இடத்தின் பெயரை ஆறு பக்கத்தின் தலைப்பில் எழுதிவைப்பேன். அவள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆறு இடத்துக்கும் போய், அங்கே நிற்கிற பெரியவர்களிடம் "உங்க பேரு, இனிஷியல் சொல்லுங்கம்மா" என்று கேட்டு எழுதுவாள். என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதையும் ஒரு வரி எழுத வேண்டும். அந்த ஒரு வரிதான் பிறகு கடிதமாகிறது. இந்த ஆண்டு அவள் எழுதியதில் ஒன்று: "கோலமாவு டப்பாவோட நிக்கிறாங்க, மேட்ச் முடிய முடிய கோடு போடுறாங்க."

போட்டி முடிந்த அன்று இரவே அந்த நோட்டைச் சமையல் பொறுப்பாளரிடமும் வாசலில் நின்ற முன்னாள் மாணவரிடமும் காட்டி, யாராவது விட்டுப்போயிருக்கிறார்களா என்று கேளுங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு பேராவது கூடுதலாகக் கிடைக்கிறார்கள்.

2. ஒருவருக்கு இரண்டு வாக்கியம்

கடிதம் முழுவதையும் தனித்தனியாக எழுத வேண்டாம், 34 பேருக்கு முடியாது. எல்லோருக்கும் பொதுவான பகுதி நான்கைந்து வரி. நடுவில் அவரவருக்கு மட்டும் உரிய இரண்டு வாக்கியம். முதல் வாக்கியத்தில் அவர் செய்தது, இரண்டாவதில் அதனால் மைதானத்தில் நடந்தது.

பழக்கத்தில் கை இப்படித்தான் எழுதப் போகும்: "தாங்கள் நல்கிய ஒத்துழைப்பு என்றென்றும் நன்றியுடன் நினைவுகூரப்படும்." இதை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம், அதனால் யாருக்கும் போய்ச் சேராது. கோலமாவு அம்மாவுக்கு நான் எழுதியது:

"ஆடிக் காற்றில் கோடு அழிய அழிய, இரண்டு நாளும் ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் கோலமாவால் திரும்பப் போட்டுக்கொண்டே இருந்தீர்கள். போனஸ் கோட்டைத் தாண்டியதா இல்லையா என்ற தகராறு ஒன்றுகூட நடுவர் மேசைக்கு வரவில்லை."

கபடி தெரிந்தவர்களுக்கு இரண்டாவது வாக்கியத்தின் மதிப்பு தெரியும். மண் ஆடுகளத்தில் பாதிச் சண்டை கோடு தெரியாததால் வருவது. சுண்ணாம்புத்தூள் போட்டால் வியர்வையோடு சேர்ந்து தோல் எரியும், கண்ணில் பட்டால் ஆபத்து. கோலமாவு போடலாம் என்று சொன்னவரும் அந்த அம்மாதான்.

மீன் கடை வைத்திருக்கும் ஓர் அப்பாவுக்கு: "கடைக்கு வந்த ஐஸில் இரண்டு பெட்டி ஒதுக்கி, காலை ஏழு மணிக்கே கொண்டுவந்து வைத்தீர்கள். கணுக்கால் பிசகிய பிள்ளைக்கு, களத்தைவிட்டு வெளியே தூக்கி வந்த உடனேயே ஒத்தடம் கொடுக்க முடிந்தது." அடிபட்ட பிள்ளையின் பெயரையும் பள்ளியையும் எழுதாதீர்கள், அது அவர்கள் வீட்டு விஷயம்.

இரண்டாவது வாக்கியம் வரவில்லை என்றால், அந்த வேலையைப் பற்றி நமக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை என்று பொருள். போய்க் கேளுங்கள். சாதம் வடித்தவரைப் பற்றி "ருசியாகச் சமைத்தீர்கள்" என்பதற்குமேல் எனக்கு ஓடவில்லை. விசாரித்தபோது, மதியம் ஆடவேண்டிய அணிகளுக்கு வயிறு கனக்கக் கூடாது என்று பதினோரு மணிக்கே தனியாகத் தயிர்சாதம் கலந்து வைத்தார் என்று தெரிந்தது. எழுத வேண்டியது அதுதான்.

எழுதி முடித்ததும் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு வாசித்துப் பாருங்கள். அந்த இரண்டு வாக்கியம் பட்டியலில் உள்ள வேறொருவருக்கும் பொருந்தினால் திரும்ப எழுதுங்கள். எனக்கு 34-ல் ஒன்பது திரும்ப எழுத வேண்டிவந்தது.

3. பொதுப்பகுதி

என் கடிதத்தின் அச்சு இது. `«name»`, `«line»` இரண்டும் பிறகு தானாக நிரம்பும்.

```
மதிப்பிற்குரிய «name» அவர்களுக்கு,

வணக்கம். நம் பள்ளி மைதானத்தில் நடந்த குறுவட்ட
கபடிப் போட்டி நல்லபடியாக முடிந்தது. 17 வயதுப்
பெண்கள் பிரிவில் நம் பிள்ளைகள் வென்றார்கள்.

«line»

பிள்ளைகள் சார்பிலும் என் சார்பிலும் மனமார்ந்த நன்றி.
```

பல வீடுகளில் இந்தக் கடிதத்தைப் பிள்ளைதான் உரக்க வாசித்துக் காட்டும். அதனால் வாக்கியம் சின்னதாக இருக்க வேண்டும், வாசிக்கிற பிள்ளை திணறக் கூடாது. வெற்றிக்கு ஒரு வரி போதும். தோற்ற அணிகளின் பெற்றோரும் வேலை செய்திருக்கிறார்கள், கோப்பையைப் பற்றியே நான்கு வரி போனால் அவர்கள் மனம் சங்கடப்படும்.

நன்கொடைத் தொகையை இதில் எழுதாதீர்கள். அது ரசீதிலும் பெற்றோர் ஆசிரியர் கழகக் கணக்கிலும் இருக்கட்டும். அடுத்த உதவியையும் கேட்காதீர்கள். ஒருமுறை "மாவட்டப் போட்டிக்கும் வாகனம் தேவைப்படும்" என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். வேன் கொடுத்தவர் மறுநாளே, "எந்தத் தேதிக்கு சார் வேணும்?" என்று போன் செய்தார். நன்றி என்று நான் எழுதியது அவருக்கு விண்ணப்பமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இப்போது வாகனம் கேட்பதற்கு நேரில் போகிறேன், வேறொரு நாளில்.

4. தட்டச்சும் எழுத்துருவும்

எக்செல்லில் இரண்டு நெடுவரிசை: `name`, `line`. அதை `.xlsx` ஆகவே சேமியுங்கள். வேர்டில் `Mailings` > `Start Mail Merge` > `Letters`, பிறகு `Select Recipients` > `Use an Existing List` போய் அந்தக் கோப்பைக் காட்டுங்கள். `Insert Merge Field` வழியாக இரண்டு இடத்தையும் நிரப்பி, `Preview Results`-ல் ஒவ்வொன்றாகப் பார்த்து, `Finish & Merge` > `Edit Individual Documents`. கடிதங்கள் தனித்தனிப் பக்கமாக வந்துவிடும்.

எல்லாவற்றையும் யூனிகோடில் அடியுங்கள். பாமினியில் அடித்துத் தரும் டி.டி.பி. கடைகள் இன்னும் உண்டு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் "நன்றி" என்பது `ed;wp` என்று நிற்கும். பாமினியில் அடித்த பெயர்ப் பட்டியலையும் யூனிகோடில் அடித்த கடிதத்தையும் சேர்த்தால், கடிதம் தமிழிலும் பெயர் மட்டும் இப்படியும் வரும். போன ஆண்டு எனக்கு அப்படி நடந்து, 20 தாள் வீணானது. முடித்ததும் பி.டி.எஃப். ஆக்கி எடுத்துக்கொண்டு போங்கள், எந்தக் கடையிலும் எழுத்து மாறாமல் அச்சாகும்.

பள்ளியின் பெயர் அச்சிட்ட தாளில் அச்சடிப்பதானால் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே கேட்டு, அவர் கையெழுத்துக்கும் இடம் விடுங்கள். என் கையெழுத்தை நீல மையில் ஒவ்வொன்றிலும் போடுகிறேன், ஸ்கேன் செய்த கையெழுத்தை ஒட்டுவதில்லை. 34 கையெழுத்துக்குக் கால் மணி நேரம்கூட ஆகாது.

5. கொடுப்பது

வாட்ஸ்அப் குழுவில் போடுவதை விட்டுவிட்டேன். உறையில் போட்டு, பெயர் எழுதி, பெற்றோருக்குப் பிள்ளை வழியாக. நம் பள்ளியில் பிள்ளை படிக்காதவர்களுக்கு, அதாவது முன்னாள் மாணவர்கள், இரவுக் காவலர், தண்ணீர் வண்டிக்காரர் ஆகியோருக்கு, நேரில் போய்க் கொடுக்கிறேன். ஒரு வாரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். அதற்குமேல் போனால் ஐஸ் பெட்டியும் கோலமாவும் அவர்களுக்கே மறந்துபோகும்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த ஓர் ஆசிரியை, அம்மாக்களை "இன்னாரின் தாயார்" என்று எழுதலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம், அவர்கள் பெயரையே எழுதுங்கள். நோட்டில் பெயரும் இனிஷியலும் கேட்டு வாங்கச் சொல்வது இதற்காகத்தான்.

இன்னொன்று: அப்பாவும் அம்மாவும் இருவருமே வேலை செய்திருந்தால் ஒரே கடிதம் போதுமா என்றும் ஒருவர் கேட்டார். நானும் முதலில் ஒன்றுதான் கொடுத்தேன். இந்த ஆண்டு இரண்டாகக் கொடுத்தேன். வேன் ஓட்டிய அப்பாவுக்கு ஒன்று, தயிர்சாதம் கலந்த அம்மாவுக்கு ஒன்று. அந்த வீட்டுப் பிள்ளை மறுநாள் வந்து, அம்மா தன் கடிதத்தை ரேஷன் கார்டு வைக்கிற பெட்டியில் வைத்திருப்பதாகச் சொன்னாள்.