பிடி-எல்1 ஸ்லைடில் சதவீதம் எண்ணுவது எப்படி? கரி விழுங்கிய செல்களைக் கவனியுங்கள்

நுரையீரல் கட்டியின் பயாப்சியில், பிடி-எல்1 புரதத்தைக் காட்டும் 22சி3 ஆன்டிபாடி போட்டு ஸ்டெயின் செய்த ஸ்லைடு கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். அதே ரன்னில் போன டான்சில் கண்ட்ரோல் சரியாக வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது தேறாவிட்டால் மேற்கொண்டு எண்ண வேண்டாம்.

அடுத்து எச் அண்ட் இ ஸ்லைடில் உயிருள்ள கட்டிச் செல்கள் குறைந்தது 100 இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அழுகிய பகுதி கணக்கில் வராது. 100 இல்லையென்றால் போதாது என்றே ரிப்போர்ட் எழுதுங்கள்.

இனி எண்ணிக்கை. செல்லின் சவ்வில் பழுப்பு நிறம் ஏறியிருந்தால், அது மெலிதாக இருந்தாலும், பாதிச் சுற்றுதான் என்றாலும், பாசிட்டிவ். சைட்டோபிளாசத்தில் மட்டும் நிறம் இருந்தால் சேர்க்கக் கூடாது. நான் 20 லென்ஸில்தான் எண்ணுவேன்; 10-இல் மெல்லிய நிறம் கண்ணில் படாமல் போகும்.

பலரும் தடுக்கி விழுவது மேக்ரோபேஜில். ராயபுரம், தண்டையார்பேட்டை, எண்ணூர்ப் பக்கத்து நோயாளிகளின் பயாப்சிகளில் கரித்துகள் விழுங்கிய மேக்ரோபேஜ்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். இவற்றின் சவ்விலும் பிடி-எல்1 நன்றாகவே ஏறும். ஆனால் கட்டிச் செல் சதவீதமான டிபிஎஸ்-இல் இவற்றுக்கு இடமில்லை. எச் அண்ட் இ ஸ்லைடைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்: சிறிய, சாதுவான நியூக்ளியஸ், நுரைத்த சைட்டோபிளாசம், காற்றறைக்குள் தனித்தனியாகக் கிடப்பது என்றால் மேக்ரோபேஜ். சந்தேகம் தீராவிட்டால் அடுத்த செக்‌ஷனில், மேக்ரோபேஜைக் காட்டும் சிடி68 ஸ்டெயின் போட்டுவிடுங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மூன்று துண்டுகள். முதலாவதில் 200 கட்டிச் செல்களில் 180 பாசிட்டிவ். இரண்டாவதில் 300-இல் 60. மூன்றாவதில் 100-இல் ஒன்றுமில்லை. மொத்தம் 600-இல் 240, அதாவது 40%. நடுவே கிடக்கும் 150 பாசிட்டிவ் மேக்ரோபேஜ்களையும் கட்டி என்று சேர்த்தால் 750-இல் 390, அதாவது 52%.

இந்த 12 புள்ளி சிகிச்சையையே மாற்றக்கூடும். இஜிஎஃப்ஆர், ஆல்க் மாற்றங்கள் இல்லாத முற்றிய நோயில், 50% அல்லது அதற்கு மேல் என்றால் கீமோ இல்லாமல் பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து மட்டும் கொடுக்கலாம். 2016-இல் வந்த கீநோட்-024 ஆய்வு அதற்கு வழி செய்தது. 1 முதல் 49% வரை என்றால், உடல் தாங்குமானால், பெரும்பாலும் கீமோவோடு சேர்த்தே தருவார்கள். 1%-க்குக் கீழே இருந்தாலும் இம்யூனோதெரபி கதவு மூடிவிடாது, கீமோவோடு சேர்த்துத் தரலாம். அதனால் எல்லைக்கோட்டில் நிற்கும் ஸ்லைடை இன்னொருவரிடமும் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பிற்சேர்க்கை: கரியின் கறுப்பையும் ஸ்டெயினின் பழுப்பையும் எப்படிப் பிரிப்பது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பிடி-எல்1 ஆன்டிபாடி போடாத நெகட்டிவ் கண்ட்ரோல் ஸ்லைடில் அதே இடத்தைத் தேடுங்கள். அங்கேயும் நிறம் இருந்தால் அது கரி. அப்புறம், எலும்பு பயாப்சியை ஆசிடில் ஊறவைத்து மென்மையாக்கியிருந்தால், அதில் வரும் நெகட்டிவை நம்ப வேண்டாம்; வேறு இடத்துத் திசு கிடைக்குமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.