33% பேர்தான் சரி என்றால் கேள்வி கஷ்டமா? வினாப் பகுப்பாய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தவணைப் பரீட்சைக்குப் புள்ளி போட்டு முடித்ததும் வினாப் பகுப்பாய்வு செய்யும் ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலோடு நிறுத்திவிடுகிறார்கள். முதல் நிரலில் வினா இலக்கம், அடுத்ததில் சரியாக எழுதியவர்களின் சதவீதம். 40 சதவீதத்துக்குக் கீழே வந்தவற்றுக்குச் சிவப்பு நிறம் அடித்து, பக்கத்தில் "கடினம்" என்று எழுதுவார்கள். ஆசிரியர் கூட்டத்தில், "இது பிள்ளையளுக்கு ஏலாது சேர், அடுத்த முறை எடுத்துவிடுவம்" என்று யாராவது சொல்ல, விஷயம் அத்தோடு முடிந்துவிடும்.

இந்தச் சதவீதத்தை இலகுத்தன்மைச் சுட்டி என்பார்கள். சரியாக எழுதியவர்களின் தொகையை மொத்தப் பிள்ளைகளின் தொகையால் வகுத்தால் வருவது அது. எண் கூடினால் கேள்வி இலகு. ஒரு கேள்வியில் எத்தனை பேர் தவறினார்கள் என்பதை அது சொல்லும். ஏன் தவறினார்கள் என்பதை அது சொல்லாது. அதையும் அதிலிருந்தே ஊகித்துக்கொள்வதுதான் மிகப் பெரிய தவறு என்பது என் எண்ணம்.

ஓர் உதாரணம் வைத்துப் பார்ப்போம். வலிகாமத்தில் மூன்று பாடசாலைகள் சேர்ந்து தரம் 10 விஞ்ஞானத்துக்கு ஒரே வினாத்தாள் வைக்கின்றன. 120 பிள்ளைகள். பகுதி ஒன்றில் 40 பல்தேர்வு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். பட்டியலில் 12ஆம் வினாவும் 23ஆம் வினாவும் ஒரே இடத்தில் நிற்கின்றன: இரண்டையும் 40 பேர்தான் சரியாகச் செய்திருக்கிறார்கள், 33%. இரண்டுக்கும் சிவப்பு. ஆனால் ஒன்று வினாத்தாளிலேயே நல்ல கேள்வி. மற்றதில் பிழை பிள்ளைகளுடையதே அல்ல.

சரி, பிழை மட்டும் பதிவு செய்வது

இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க, பிள்ளை எந்த விடைக்குப் புள்ளடி போட்டது என்பது தெரிய வேண்டும். பலர் கணினியில் 1 என்றும் 0 என்றும் மட்டும் ஏற்றுவார்கள். சரியென்றால் 1, பிழையென்றால் 0. அதோடு பாதித் தகவல் போய்விடுகிறது. 1, 2, 3, 4 என்று பிள்ளை தெரிவுசெய்த இலக்கத்தையே ஏற்றுங்கள். விடையளிக்காமல் விட்டதை வெற்றுக் கட்டமாக விடுங்கள், 0 போட வேண்டாம். வேலை கொஞ்சம் கூடத்தான். ஒருவர் வாசிக்க மற்றவர் ஏற்றினால் ஒரு பின்நேரத்தில் முடியும்.

பிறகு பகுதி ஒன்றின் மொத்தப் புள்ளிப்படி எல்லோரையும் இறங்குவரிசையில் அடுக்கி, மேலே 27% பேரையும் கீழே 27% பேரையும் பிரித்தெடுக்க வேண்டும். இந்த 27 எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு: இரண்டு குழுக்களும் ஒன்றிலிருந்து ஒன்று நன்றாக வேறுபடவும் வேண்டும், ஆட்தொகை போதுமானதாகவும் இருக்க வேண்டும்; இரண்டுக்கும் நடுவே பொருத்தமான அளவு இதுதான் என்று 1939 இல் கெல்லி என்ற ஆய்வாளர் கணக்கிட்டுக் காட்டினார். 120 பேரில் 27% என்றால் 32 பேர். நம் இரண்டு வினாக்களிலும் அந்த 32 பேரும் இந்த 32 பேரும் எதைத் தெரிவுசெய்தார்கள் என்று பார்ப்போம்.

| | விடை 1 | விடை 2 | விடை 3 | விடை 4 |
|---|---|---|---|---|
| வினா 12, மேல் குழு | 5 | 2 | 24 | 1 |
| வினா 12, கீழ்க் குழு | 14 | 8 | 6 | 4 |
| வினா 23, மேல் குழு | 9 | 21 | 1 | 1 |
| வினா 23, கீழ்க் குழு | 19 | 4 | 5 | 4 |

வினா 12 இதுதான்: ஒரு பொருளின் மீது தாக்கும் விளையுள் விசை பூச்சியமாயின் அப்பொருள் எப்படி இருக்கும்? முதல் விடை "ஓய்வில் மட்டும் இருக்கும்". மூன்றாம் விடை "ஓய்வில் இருக்கும் அல்லது மாறா வேகத்துடன் இயங்கும்". புள்ளியிடும் திட்டத்தில் சரியான விடை 1 என்று இருக்கிறது.

மேல் குழுவில் 32 பேரில் 24 பேர் மூன்றாவதைத் தெரிந்திருக்கிறார்கள். "சரியான" விடையைத் தெரிவுசெய்தவர்களோ மேலே 5 பேர், கீழே 14 பேர். இந்த வேறுபாட்டைக் குழுவின் ஆட்தொகையால் வகுத்தால் பிரித்தறியும் சுட்டி வரும்: 5 கழித்தல் 14, அதை 32 ஆல் வகுத்தால் −0.28. எதிர்க்குறி வந்தால் கெட்டிக்காரப் பிள்ளைகள் தவற, மற்றவர்கள் சரியாகச் செய்கிறார்கள் என்று பொருள். அப்படி ஒரு கேள்வி கஷ்டமாக இருப்பதால் நடப்பதில்லை. முதலில் சந்தேகிக்க வேண்டியது விடைத் திட்டத்தைத்தான். நியூட்டனின் முதலாம் விதிப்படி சரியான விடை 3. தட்டச்சில் 1 என்று விழுந்துவிட்டது. திருத்தியதும் சரியாகச் செய்தவர்கள் 56 பேர், 47%. பிரித்தறியும் சுட்டி 24 கழித்தல் 6, வகுத்தல் 32, அதாவது 0.56.

எதிர்க்குறி வந்தும் விடைத் திட்டம் சரியாகவே இருந்தால், அடுத்ததாக வினாவை வாசிக்க வேண்டும். இரண்டு விடைகள் பொருந்தலாம். "அல்லாதது" என்ற சொல் கண்ணில் படாமல் போயிருக்கலாம். படத்தில் அம்புக்குறி அச்சில் மங்கியிருக்கலாம்.

கணக்கைக் கையால் செய்யத் தேவையில்லை. கணினி விரிதாளில் A நிரலில் சுட்டெண், B முதல் AO வரை 40 வினாக்கள், AP இல் மொத்தம் என்று வைத்து AP படி அடுக்கினால், 12ஆம் வினா M நிரலில் வரும். மேல் குழு 2ஆம் வரிசையிலிருந்து 33 வரை, கீழ்க் குழு 90 இலிருந்து 121 வரை. முதல் வரி இலகுத்தன்மைச் சுட்டி, இரண்டாவது பிரித்தறியும் சுட்டி.

```
=COUNTIF(M2:M121,3)/120
=(COUNTIF(M2:M33,3)-COUNTIF(M90:M121,3))/32
```

விடைத் திட்டத்தைத் திருத்தினால் எல்லோருடைய மொத்தத்தையும் மறுபடி கணித்து, மறுபடி அடுக்கிவிட்டுத்தான் மற்றச் சுட்டிகளை எடுக்க வேண்டும். எல்லையில் நிற்கும் சில பிள்ளைகள் குழு மாறுவார்கள். பிள்ளைகளின் புள்ளியையும் திருத்த வேண்டும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை; ஆனால் அறிக்கை மட்டும் திருந்தி, புள்ளிப்பதிவு பழையபடி கிடப்பதும் உண்டு.

நல்ல கேள்வியைத் தூக்கி எறிவது

இனி வினா 23. நிலைக்குத்தாக மேல்நோக்கி எறியப்பட்ட பந்து அதன் அதியுயர் புள்ளியில் இருக்கும்போது அதன் வேகமும் ஆர்முடுகலும் எவை? முதல் விடை, இரண்டும் பூச்சியம். இரண்டாவது, வேகம் பூச்சியம், ஆர்முடுகல் கீழ்நோக்கி. சரியான விடை 2.

மேல் குழுவில் 21, கீழ்க் குழுவில் 4. சுட்டி 0.53. ஈபெல் என்ற மதிப்பீட்டியலாளரின் அளவுகோலில் 0.40 உம் அதற்கு மேலும் மிக நல்ல வினா, 0.20 க்குக் கீழே போனால் திருத்தவோ நீக்கவோ வேண்டும். ஆக இதை எடுத்துவிட ஒரு காரணமும் இல்லை.

இங்கே இன்னொரு செய்தியும் இருக்கிறது. நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு புள்ளடி போட்டாலே நால்வரில் ஒருவருக்குச் சரியாக வரும். 32 பேரில் 8 பேருக்கு. கீழ்க் குழுவில் சரியாகச் செய்தவர்கள் 4 பேர்தான். குருட்டு வாக்கில் கிடைப்பதைவிடக் குறைவு என்றால் அவர்கள் ஊகிக்கவில்லை, ஒரு விடையை நம்பித் தெரிந்திருக்கிறார்கள். 120 பேரில் சரிபாதி, 60 பேர், முதல் விடைக்குப் போயிருக்கிறார்கள். வேகம் இல்லையென்றால் ஆர்முடுகலும் இல்லை என்ற எண்ணம் அவர்கள் மனதில் உறுதியாக இருக்கிறது. பந்து மேலே நிற்கும் அந்தக் கணத்திலும் புவியீர்ப்பு இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆர்முடுகல் பூச்சியமாகியிருந்தால் பந்து அங்கேயே நின்றுவிடும். பரிகாரக் கற்பித்தலில் எடுக்க வேண்டியது இந்த ஓர் இடம். "விசையும் இயக்கமும் அலகை மீட்டல்" என்று அறிக்கையில் எழுதி முழு அலகையும் மறுபடி நடத்துவதில் பயனில்லை.

நேரம் போதாததைக் கடினம் என்பது

வினாத்தாளின் கடைசிக் கேள்விகளைத் தனியாகப் பாருங்கள். 38ஆம் வினாவை 36 பேர் சரியாகச் செய்தார்கள், 30% என்று வைப்போம். ஆனால் 45 பேர் அதை எழுதவே இல்லை. எழுதிய 75 பேரில் 36 என்றால் 48%. 36 இலிருந்து 40 வரை வெற்றுக் கட்டங்கள் படிப்படியாகக் கூடிக்கொண்டு போனால், அது நேரத்தின் பிரச்சினை. அதற்காக 48% ஐ உண்மையான இலகுத்தன்மை என்று எடுத்துவிடவும் கூடாது. கடைசிவரை வந்தவர்கள் பெரும்பாலும் வேகமான, நன்றாகச் செய்யும் பிள்ளைகள். இரண்டு எண்களையும் எழுதி வைப்பதே நேர்மை. பிழைக்குப் புள்ளி குறைக்காத பரீட்சையாதலால் மணி அடிக்கும்போது மிச்ச எல்லாவற்றுக்கும் ஒரே இலக்கத்தில் புள்ளடி போடும் பிள்ளைகளும் இருப்பார்கள். விடைத்தாளில் அது நேர்க்கோடாகவே தெரியும்.

சிறிய வகுப்பில் பெரிய முடிவு

ஒரு வகுப்பில் 30 பேர் என்றால் 27% என்பது 8 பேர். ஒரு பிள்ளை மனம் மாறி வேறு விடையைத் தெரிந்தால் சுட்டி 0.125 ஆல் நகரும். 0.25 ஆக இருந்தது 0.125 ஆகும், ஒரு பிள்ளையால் ஓரளவு பரவாயில்லாத கேள்வி மோசமான கேள்வியாகிவிடும். சிறு வகுப்பில் வகுப்பை இரு பாதியாகப் பிரித்துப் பார்ப்பது கொஞ்சம் உறுதியானது. பக்கத்துப் பாடசாலைகளோடு தரவைச் சேர்ப்பது அதைவிட நல்லது. எதுவும் முடியாவிட்டால் எதிர்க்குறி வந்த வினாக்களை மட்டும் கையில் எடுத்து வாசியுங்கள். மற்றவற்றுக்குத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

பகுதி இரண்டில் தெரிவு வினாக்கள்

கட்டுரை வினாக்களில் சரி, பிழை இல்லை. ஆகவே சராசரிப் புள்ளியை வினாவின் முழுப் புள்ளியால் வகுப்பார்கள். 20 புள்ளி வினாவில் சராசரி 8 என்றால் 40%. கட்டாய வினாவுக்கு இது போதும். தெரிவு இருக்கும் இடத்தில்தான் ஏமாற்றும். 5ஆம் வினாவை 100 பேர் எழுதி 40% வந்திருக்க, 8ஆம் வினாவை 15 பேர் மட்டும் எழுதி 65% வந்தால், எட்டாவது இலகு என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். அந்தப் 15 பேரும் யார்? அவர்களின் பகுதி ஒன்று புள்ளியை எடுத்து, 5ஆம் வினாவை எழுதியவர்களின் பகுதி ஒன்று புள்ளியோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் அவர்கள் மேலே நிற்பார்கள். எட்டாவதைப் பார்த்துப் பயந்து மற்ற 105 பேரும் தாண்டிப் போயிருந்தால், 65% என்ற எண்ணுக்குப் பின்னால் இருப்பது ஒரு கடினமான கேள்விதான். அறிக்கையில் சதவீதத்துக்குப் பக்கத்தில் எத்தனை பேர் எழுதினார்கள் என்பதற்கும் ஒரு நிரல் போடுங்கள்.